நீயா, நீங்களா, இரண்டையும் தவிர்ப்பதா? பெரியவர், புதியவர், அலுவலகத்தார் என யாரை எப்படி விளிப்பது

நம்மைவிடப் பத்து வயது இளையவர் மேலாளராக வந்தால் அவரை 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா? வாசலில் நிற்கும் காவலாளிக்கு அறுபது வயது இருக்கும். அலுவலகத்தில் பாதிப் பேர் அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவரும் அப்படியே கூப்பிடலாமா? பக்கத்து இருக்கைக்காரருக்கு நம் வயதுதான், ஆறு மாதம் பழகியும் ஆயிற்று, ஆனால் பேச்சு இன்னும் 'நீங்க'விலேயே நிற்கிறது. எப்போது இறங்குவது? வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ வளர்ந்து தமிழ்நாட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் வரும் சந்தேகங்கள் அல்ல இவை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் வாக்கியத்தின் நடுவில் தயங்கி நிற்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், எடுத்த முடிவை மாற்ற முடியுமா என்பது. 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்குவது எளிது. எதிராளி அதை நெருக்கமாக எடுத்துக்கொள்வார். 'நீ'யிலிருந்து 'நீங்க'வுக்கு ஏறினால் அது கோபமாகவோ விலகலாகவோ கேட்கும். நண்பர்கள் சண்டை போட்டால் "சரிங்க, நீங்க பெரிய ஆளு" என்று தொடங்குவது இதனால்தான். இந்தப் பாதை ஒரு பக்கம்தான் சுலபம். எந்த இடத்தில் தொடங்குகிறோம் என்பது அதனால் முக்கியமாகிறது.

இரண்டாவது, தவறாகத் தேர்ந்தெடுத்தால் எதிராளியின் காதில் என்ன விழும் என்பது. தேவையில்லாத இடத்தில் 'நீங்க' போட்டால் கொஞ்சம் அந்நியமாக இருக்கும், அவ்வளவுதான். தேவையான இடத்தில் 'நீ' வந்தால் அவமானமாகிவிடும்.

மூன்றாவது, வாக்கியம் முழுக்க அதைக் கொண்டுபோக முடியுமா என்பது. தமிழில் மரியாதை 'நீ', 'நீங்க' என்ற சொல்லோடு முடிவதில்லை. வேற்றுமையும் (உனக்கு, உங்களுக்கு) வினைமுற்றும் (வந்தே, வந்தீங்க) எதிர்மறை ஏவலும் (போகாதே, போகாதீங்க) அதோடு சேர்ந்து மாற வேண்டும். பெரும்பாலான சறுக்கல்கள் நடப்பது வாக்கியத்தின் கடைசியில்தான்.

நான்காவது, அந்தச் சொல் இருவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் வைக்கிறது என்பது.

| வழி | மாற்றிக்கொள்வது | தவறினால் | எங்கே சிறந்தது |
|---|---|---|---|
| நீ | மிகக் கடினம் | அவமானம் | குழந்தைகள், நெருங்கிய நண்பர்கள், பல வீடுகளில் அம்மா |
| நீங்க | எளிது | கொஞ்சம் அந்நியம் | பெரியவர், புதியவர், அலுவலகம் முழுக்க |
| 'நீ', 'நீங்க' இரண்டையும் தவிர்த்து '-ங்க', முறைப்பெயர் | மிக எளிது | முறைப்பெயர் தவறினால் சங்கடம் | கடை, பேருந்து, முதல் சந்திப்பு |
| தாங்கள் | எழுத்தில் மட்டும் | நாடகத்தனம் | விண்ணப்பம், அழைப்பிதழ் |
| நீர் | ஊரைப் பொறுத்தது | தமிழ்நாட்டில் பல இடங்களில் விசித்திரம் | யாழ்ப்பாணத்தில் சமவயதினர், இளையோர் |

## 'நீ'

'நீ'யை மரியாதைக் குறைவு என்று ஒதுக்க முடியாது. புறநானூற்றுப் புலவர்கள் அரசனையே 'நீ' என்று பாடினார்கள், கோயிலில் நின்று இறைவனையும் அப்படித்தான் விளிக்கிறோம். பல வீடுகளில் அப்பா 'நீங்க', அம்மா 'நீ'. திடீரென்று அம்மாவை 'நீங்க' என்றால் "என்ன, என் மேல கோவமா?" என்றுதான் கேட்பார். வீட்டுக்குள் பழகிய 'நீ'யைத் திருத்தத் தேவையில்லை.

ஆனால் "சாமியையே நீ என்கிறோம், காவலாளியை அப்படிச் சொன்னால் என்ன?" என்ற வாதம் நிற்காது. இறைவனிடமும் அம்மாவிடமும் வரும் 'நீ' நெருக்கத்திலிருந்து வருகிறது. காவலாளியிடமும், துப்புரவுப் பணியாளரிடமும், உணவகத்தில் மேசை துடைக்கும் பெரியவரிடமும் வரும் 'நீ' அவர் செய்யும் வேலையைப் பார்த்து வருகிறது. நிலக்காரர் வீட்டுச் சிறுவன் தாத்தா வயதுக் கூலிக்காரரை 'வா, போ' என்று ஏவிய சாதி வழக்கத்தின் மிச்சம் இது என்பதை மறக்கக் கூடாது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அவர் திருப்பி உங்களை 'நீ' என்றால் உங்களுக்குச் சரியாக இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இருக்காது என்றால் நீங்கள் சொல்லும் 'நீ' நெருக்கத்தில் வந்தது அல்ல. அலுவலகத்தில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டாலும் அந்த அறுபது வயதுக்காரருக்கு "அண்ணே, சாப்டீங்களா?" என்பதுதான் சரி.

சமவயதுச் சக ஊழியரிடம் 'நீ'க்கு எப்போது இறங்குவது? வயதிலோ பதவியிலோ மேலே இருப்பவர் முதலில் இறங்க வேண்டும், அல்லது "எதுக்குங்க இந்த நீங்க?" என்று சொல்லி வழிவிட வேண்டும். இருவரும் சமம் என்றால் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொள்ளாமலே ஒரு கட்டம் வரும். ஒருவர் வாயில் 'வாயேன்', 'பாரேன்' என்று வர ஆரம்பிக்கும். '-ஏன்' விகுதி ஒருமைதான், ஆனால் ஏவல்போல் இல்லாமல் கெஞ்சலாக ஒலிக்கும். அது வந்துவிட்டால் நீங்களும் இறங்கலாம். ஆண், பெண் இருவருக்குமிடையில் என்றால் மற்றவர் இறங்கும்வரை காத்திருப்பது நல்லது. தனியாக இருக்கும்போது 'நீ' என்றாலும் கூட்டத்தில் 'நீங்க' என்று வைத்துக்கொள்ளும் நண்பர்கள் பலர், அதில் பொய் ஒன்றும் இல்லை.

## 'நீங்க'

ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறிப்படி வந்ததல்ல என்று தொல்காப்பியம் சொல்லதிகாரமே குறிப்பிடுகிறது. அவ்வளவு பழைய வழக்கம். 'நீங்க' என்பது பலரையும் குறிக்கும், ஒருவரையும் குறிக்கும். அதன் மறைமுகச் செலவு இங்கேதான் இருக்கிறது. ஐந்து பேர் இருக்கும் கூட்டத்தில் "நீங்க இதை இன்னும் முடிக்கலை" என்றால் யாரைச் சொன்னீர்கள் என்று தெரியாது. ஒருவர் தன்னை மட்டும் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வார், வேலையைச் செய்ய வேண்டியவர் தன்னை அல்ல என்று இருந்துவிடுவார். ஒருவரைச் சொல்கிறோம் என்றால் அவர் பெயரை முன்னால் வைக்க வேண்டும். எல்லாரையும் என்றால் "நீங்க எல்லாரும்", இருவரை என்றால் "நீங்க ரெண்டு பேரும்".

இரண்டாவது சிக்கல், பாதியில் நழுவுவது. "சார், நீங்க அங்கேயே இரு, நான் வந்துடறேன்" என்ற வாக்கியத்தில் 'சார்' இருக்கிறது, 'நீங்க' இருக்கிறது, ஆனால் காதில் நிற்பது 'இரு' மட்டும்தான். 'தயவு செய்து' சேர்த்தாலும் இது சரியாகாது. "தயவு செய்து வா" என்பது மரியாதையாகக் கேட்பதில்லை, கெஞ்சலாகவோ எரிச்சலாகவோதான் கேட்கும். பேச்சுத் தமிழில் பணிவைச் சுமப்பது வினையின் ஈறு. அதற்கு மேல் மென்மை வேண்டுமென்றால் 'கொஞ்சம்' போதும்: "கொஞ்சம் பாருங்க", "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

ஒரே வேண்டுகோளைப் படிப்படியாகப் பார்த்தால் இது விளங்கும். "அந்த ஃபைலை அனுப்பு" நண்பனுக்கு. "அனுப்புங்க" சமமானவருக்கும் கீழே வேலை செய்பவருக்கும். "அனுப்புறீங்களா?" என்று கேள்வியாக்கினால் மறுக்கவும் இடம் கொடுக்கிறோம், எந்தச் சக ஊழியருக்கும் இது பொருந்தும். "அனுப்ப முடியுங்களா?" மேலதிகாரிக்கோ வேறு துறையில் இருப்பவருக்கோ. இன்னும் மேலே போனால் வேண்டுகோளே மறைந்துவிடும்: "அந்த ஃபைல் வந்துட்டா இன்னைக்கே முடிச்சிடலாம் சார்." இங்கே 'முடிச்சிடலாம்' என்பது இருவரையும் சேர்த்துக்கொள்கிறது. அவசரம் என்றால் இந்தக் கடைசி வடிவம் வேண்டாம். கேட்பவர் அதைத் தகவல் என்று எண்ணி அப்படியே விட்டுவிடுவார்.

முன்னால் இல்லாதவரைப் பற்றிப் பேசும்போதும் இதே கணக்குதான். ஆணுக்கு 'அவரு', பெண்ணுக்கு 'அவங்க'. எழுத்தில் பெண்ணுக்கும் 'அவர்' வரும், பேச்சில் அது ஒட்டாது. "அக்கா சொல்லுச்சு", "அந்தப் பொண்ணு வந்துச்சு" என்ற அஃறிணை முடிவு வீட்டிலும் தெருவிலும் பிரியமாகக் கேட்கும். மேலாளரைப் பற்றி "மேடம் சொல்லுச்சு" என்றால் அப்படி இருக்காது. "மேடம் சொன்னாங்க" என்பதே அலுவலகத்துக்கு.

## இரண்டையும் தவிர்ப்பதும் முறைப்பெயரும்

வயதும் நிலையும் தெரியாத புதியவரிடம் தமிழர்கள் பெரும்பாலும் 'நீ', 'நீங்க' இரண்டையுமே விட்டுவிடுகிறார்கள். "எந்த ஊருங்க?", "எங்கே வேலைங்க?", "சாப்பாடு ஆச்சுங்களா?" என்ற வாக்கியங்களில் முன்னிலைப் பெயரும் இல்லை, முன்னிலை வினையும் இல்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் '-ங்க' மட்டும் மரியாதையைக் காட்டுகிறது. முதல் இரண்டு நிமிடத்தை இப்படியே ஓட்டலாம். எதிராளி எப்படிப் பேசுகிறார் என்று கேட்டபின் முடிவு செய்யலாம். 'ஆமா', 'இல்லை', 'சரி' ஆகியவற்றைத் தனியாகச் சொல்லாமல் 'ஆமாங்க', 'இல்லைங்க', 'சரிங்க' என்பதும் இதில் அடங்கும். கொங்கு நாட்டில் இந்த '-ங்க' மற்ற ஊர்களைவிடத் தாராளமாக வரும், சின்னப் பிள்ளைகளையும் 'வாங்க' என்று கூப்பிடுவது அங்கே உண்டு. கோவைக்கு வேலைக்குப் போகிறவர் வெறும் 'சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தால் வெடுக்கென்று பேசுகிறார் என்ற பெயர் வரும்.

முறைப்பெயர் இதைவிட வெதுவெதுப்பானது, ஆனால் வயதைக் கணக்கிட்டாக வேண்டும். ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர், நடத்துனர் போன்ற ஆண்களுக்கு 'அண்ணா' (மதுரைப் பக்கம் 'அண்ணே', நெல்லையில் 'அண்ணாச்சி') அநேகமாகத் தவறாது. பெண்களுக்கு 'அக்கா'. உங்களைவிடக் கொஞ்சம் இளையவராகத் தெரிந்தாலும் 'அக்கா' என்றால் பெரும்பாலும் யாரும் கோபிப்பதில்லை. 'ஆன்ட்டி' என்றால் முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் முகம் மாறும். நன்றாக மூத்தவருக்கு 'ஐயா', 'அம்மா'. அரசு அலுவலகத்திலும் வங்கியிலும் 'சார்', 'மேடம்'. இளையவராகத் தெரிந்தாலும் புதியவர் என்றால் "தம்பி, நீங்க எந்த ஊரு?" என்பது அழகான கலவை. 'தம்பி' வயதைச் சொல்கிறது, 'நீங்க' மரியாதையைக் காக்கிறது. ஆனால் 'தம்பி' என்று விளிக்க உங்களுக்கு உண்மையிலேயே வயது மூப்பு வேண்டும். உணவகத்தில் ஐம்பது வயதுப் பரிமாறுபவரை இருபத்தைந்து வயதுக்காரர் 'தம்பி' என்று கூப்பிடுவதும், 'ஹலோ', 'இந்தாப்பா' என்று கூப்பிடுவதும் ஒன்றுதான்.

மொழி புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'ஐயா', 'அம்மா', 'அப்பா' மூன்றும் தனியாக நின்றால் உயர்த்தும், வினையோடு ஒட்டினால் இறக்கும். "ஐயா, வாங்க" பணிவு. "வாய்யா" அதட்டல் அல்லது அன்யோன்யம். "அம்மா, சொல்லுங்க" பணிவு; "சொல்லும்மா" இளையவருக்குச் சொல்வது. அலுவலகத்தில் ஆண் மேலாளர் ஒருவர் முப்பது வயதுப் பெண் ஊழியரிடம் "சொல்லும்மா, என்ன பிரச்சினை?" என்றால் அவர் கனிவாகச் சொன்னதாக நினைத்திருப்பார். கேட்பவருக்கோ, தன்னைச் சின்னப் பெண்ணாக நடத்துகிறார் என்று படும். பெயரோடு "சொல்லுங்க" என்பது அதே கனிவைத் தரும். '-டா', '-டி' பற்றி நீட்டத் தேவையில்லை. 'நீ' உறுதியாக நிலைத்த நட்புக்கு வெளியே அவற்றுக்கு இடமில்லை.

## 'தாங்கள்', '-வும்'

இவை எழுத்துக்கு உரியவை. 'தாங்கள்' விண்ணப்பத்திலும் திருமண அழைப்பிதழிலும் நன்றாக இருக்கும். அதற்கு ஒரு குறை உண்டு. 'தாங்கள்' என்பது 'அவர்கள் தாமே' என்ற பொருளும் தரும். "தாங்கள் பணம் அனுப்பியதாக அவர்கள் கூறினர்" என்று எழுதினால் அனுப்பியது கடிதத்தைப் படிப்பவரா, கூறியவர்களா என்று தெரியாது. புகார்க் கடிதத்தில் இது வீண் வம்பு. பணம், தேதி, பொறுப்பு பற்றிய வாக்கியங்களில் 'நீங்கள்' என்றே எழுதலாம், மரியாதை குறையாது. ஆனால் ஒரே கடிதத்தில் 'தங்கள்', 'உங்கள்' இரண்டையும் மாற்றி மாற்றிப் போடாமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"கையொப்பமிடவும்", "காத்திருக்கவும்" என்று முடியும் '-வும்' வடிவம் யாரையும் விளிக்காமல் எல்லாருக்கும் சொல்கிறது. அறிவிப்புப் பலகைக்கும் படிவத்துக்கும் அதுவே பொருத்தம். அதே வடிவத்தை வாட்ஸ்அப்பில் ஒரு தனி மனிதருக்கு அனுப்பினால் உத்தரவாகிவிடும். "நாளை காலை அறிக்கை அனுப்பவும்" என்ற செய்தியைப் படிப்பவர், இவருக்கு நம் மேல் ஏதோ வருத்தம் என்று நினைப்பார். "நாளைக் காலை அனுப்பிடுறீங்களா?" என்று எழுதுவதால் என்ன குறைந்துவிடும்?

## 'நீர்'

தமிழ்நாட்டில் தெற்கே மூத்த ஆண்களின் பேச்சில் "வாரும் ஓய்" என்று மிஞ்சியிருப்பது தவிர இது பெரும்பாலும் மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழில் உயிரோடு இருக்கிறது. கணவர் மனைவியிடமும், ஆசிரியர் மாணவரிடமும், சமவயதினர் ஒருவருக்கொருவரும் "நீர் எங்கை போறீர்?" என்று கேட்பது அங்கே மரியாதையான நடுப்படி. பெரியவருக்கும் புதியவருக்கும் "நீங்கள் எங்கை போறியள்?" நடுவில் இப்படி ஒரு படி இருப்பதால் அவர்கள் காதில் 'நீ' இன்னும் கீழே விழும். ஈழத்துச் சக ஊழியரிடம் தமிழ்நாட்டுக்காரர் நட்பாக 'நீ'க்கு இறங்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். அவர் உங்களை 'நீர்' என்றால் அது திட்டு அல்ல. பதிலுக்கு 'நீங்கள்' சொன்னால் போதும், 'நீரை'ப் போலச் செய்து பார்க்க வேண்டாம்.

## ஒரு நிலைமையை முழுதாகப் பார்ப்போம்

மதுரையில் ஒரு நிறுவனம். கணக்குப் பிரிவில் பதினைந்து ஆண்டு வேலை பார்த்த ஊழியருக்கு வயது 41. புதிதாக வந்த மேலாளருக்கு வயது 29. வயதில் ஒருவர் மேலே, பதவியில் மற்றவர் மேலே.

ஊழியர் "தம்பி, நீ இதைப் பாரு" என்றால் மேலாளரின் அதிகாரம் எல்லார் முன்னிலையிலும் சரியும். "தம்பி, நீங்க பாருங்க" என்றாலும் அலுவலகத்துக்குள் 'தம்பி' உறுத்தும், வெளியே தேநீர்க் கடையில் வேண்டுமானால் சரி. "சார், நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்பதே முதல் மாதத்துக்குப் பாதுகாப்பு. மேலாளர் "என்னை சார்னு கூப்பிடாதீங்க" என்றால் பெயருக்கு மாறலாம். ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது 'சார்' என்ற ஒன்றைத்தான். ஈறு 'நீங்க'விலேயே நிற்க வேண்டும். பெயரோடு "பாத்துட்டீங்களா?" என்பது பொருந்தும், பெயரோடு "பாத்துட்டியா?" என்பது ஒரே தாவலில் இரண்டு படி இறங்குவது. ஆங்கிலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஐ.டி. நிறுவனங்களில் இந்தக் குழப்பம் தினமும் நடக்கிறது. பெயரும் 'நீங்க'வும் சேர்ந்த கலவைதான் அங்கே தமிழுக்குச் சரியான தீர்வு.

மேலாளர் பக்கம் கணக்கு இன்னும் கறாரானது. அவர் ஊழியரை 'நீ' என்றால் பதவி வயதை மிதித்ததாக மொத்தப் பிரிவும் எடுத்துக்கொள்ளும். "அண்ணே, இந்தக் கணக்கு இன்னைக்கு முடிஞ்சிடுமா?" என்று கேட்டால் வேலையும் நடக்கும், மரியாதையும் நிற்கும். ஆனால் ஒருவரை மட்டும் 'அண்ணே' என்று அழைத்து, அதே வயதுள்ள மற்றொருவரைப் பெயர் சொல்லி அழைத்தால் பாகுபாடு தெரியும். முறைப்பெயர் என்றால் அந்த வயதுக்காரர் எல்லாருக்கும் முறைப்பெயர், இல்லையென்றால் எல்லாருக்கும் 'சார்', 'மேடம்'. கண்டிக்க வேண்டிய நாளில் 'அண்ணே' தடையாக இருக்கிறது என்று சிலர் 'சார்' பக்கம் போகிறார்கள். அதுவும் நியாயமான காரணம்தான்.

பேச்சு வேகத்தில் மேலாளர் வாயிலிருந்து ஒரு 'நீ' விழுந்துவிட்டால்? அங்கேயே நிறுத்தி நீளமாக மன்னிப்புக் கேட்டால் கேட்டவருக்குச் சங்கடம் கூடும். அடுத்த வாக்கியத்தை அவரை விளித்து, ஈற்றைத் தெளிவாக உச்சரித்துச் சொல்ல வேண்டும்: "அண்ணே, நீங்க சொன்னது சரி, அப்படியே பண்ணிடுங்க." கேட்டவர் அதைப் புரிந்துகொள்வார். இரண்டாம் முறையும் விழுந்தால் அது வாய் தவறியது என்று யாரும் நம்ப மாட்டார்கள். அப்போது தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.